எழுத்துருவை மாற்றினால் பிழை தெரிகிறதா, வரி உடைவதால் தெரிகிறதா?

அரைப்புள்ளி
மார்ச் 4, இரவு 10.40

எழுதியதைத் திருத்தும்போது எழுத்துருவை மாற்று, அச்செடுத்துப் படி, வேறு அறைக்குப் போய்ப் படி என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். செய்து பார்த்தால் பிழை அகப்படவும் செய்கிறது. ஏன் என்று கேட்டால் மட்டும் "கண்ணுக்குப் புதுசாகத் தெரியும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

என் கட்சி இது. எழுத்தின் வடிவம் ஒரு பொருட்டே இல்லை. உண்மையில் மாறுவது வரி உடையும் இடம். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. ஓர் இடத்தில் கால் நொடி அளவு நிற்கும், அடுத்த தாவல். சின்னச் சொற்களில் நிற்காமலே போய்விடும். வரி முடிந்ததும் இடது ஓரத்துக்கு ஒரே பாய்ச்சல். "என்று" வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் முதலிலும் இருந்தால், அந்தப் பாய்ச்சலில் இரண்டாவது "என்று" காணாமல் போகிறது.

அதனால் எழுத்துருவை மாற்றியும் வரிகள் அதே இடத்தில் உடைந்தால் பயன் குறைவு என்கிறேன். எழுத்துரு அப்படியே இருக்க, ஓரத்தை மட்டும் இழுத்துப் பத்தியைக் குறுக்கினாலே போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஆந்தை
மார்ச் 4, இரவு 11.15

மறுக்கிறேன். வடிவம்தான் முக்கியம். படிக்கக் கஷ்டமான எழுத்துருவாகப் பார்த்துப் போட்டால் மூளை விழித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் இதற்கென்றே Sans Forgetica என்று ஓர் எழுத்துரு செய்தது, எழுத்தில் நடுநடுவே ஓட்டை விட்டு. நான் கடைசிச் சுற்றுக்கு எப்போதும் இருப்பதிலேயே கோணலான எழுத்துருவைத்தான் போடுவேன்.

பழையதட்டச்சு
மார்ச் 5, காலை 6.05

எழுத்துருவை மாற்றினால் பிழை தெரிகிறது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. என்னிடம் பாமினியில் அடித்த கோப்புகள் நிறைய உண்டு. யூனிகோடுக்கு மாற்றியதும் "அவர்கள்" எல்லாம் "அவா்கள்" ஆகிவிடுகிறது. எந்த மாற்றி நல்லது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அரைப்புள்ளி
மார்ச் 5, காலை 8.30

ஐயா, இங்கே பேச்சு அந்த மாற்றத்தைப் பற்றி அல்ல. ஒரே கோப்பைக் காட்சிக்கு மட்டும் வேறு எழுத்துருவில் வைத்துப் படிப்பதைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்னதை விட மனசில்லை, பிறகு வருகிறேன்.

ஆந்தை, அந்த எழுத்துரு 2018இல் மெல்பர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் செய்தது. படித்தது நினைவில் நிற்கும் என்பதற்காகச் செய்தார்களே தவிர, பிழை பிடிக்க அல்ல. நினைவுக்கும் அது உதவுவதாகத் தெரியவில்லை என்று 2020இல் வேறு ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கோணல் எழுத்துருவில் எனக்கு நேர்வது ஒன்றுதான். எழுத்தை அடையாளம் கண்டுபிடிப்பதிலேயே கவனம் போய், வாக்கியம் என்ன சொல்கிறது என்பது கையை விட்டுப் போகும்.

மைக்கறை
மார்ச் 5, இரவு 9.20

அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தே வாழ்நாளைக் கழித்தவன். இரண்டு பேருமே பாதியைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

வரி உடைவது பற்றிச் சொன்னது சரி. இரட்டித்த சொல்லும் விடுபட்ட சொல்லும் அதில் அகப்படும். ஆனால் எழுதியவரே தன் படியைத் திருத்தும்போது மிஞ்சுவதில் அதிகம் வேறு வகை. அதைப் பாதி திருத்திய வாக்கியம் என்போம். "மாணவர் வந்தார்" என்று எழுதுகிறார். பிறகு "மாணவர்கள்" ஆக்குகிறார். அதற்குள் அடுத்த வரியில் வேறொன்று கண்ணில் படுகிறது, அங்கே போய்விடுகிறார். "வந்தார்" அப்படியே நிற்கிறது. இந்தப் பிழை எழுதும்போது வந்ததல்ல, திருத்தும்போது வந்தது.

வேறு அறைக்குப் போ என்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அறையில் மாயம் ஒன்றும் இல்லை, அங்கே விசைப்பலகை இல்லை, அவ்வளவுதான். கையில் ஒரு பேனா. ஓரத்தில் குறி போடலாம், மாற்றி எழுத முடியாது. மாற்றி எழுத முடியாதவன் கடைசி வரை வாசகனாகவே இருப்பான். விசைப்பலகை கைக்கெட்டினால் நாலாவது வரியில் எழுத்தாளனாகிவிடுவான், ஐந்தாவது வரியிலிருந்து மெய்ப்பு கிடையாது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல உடற்பயிற்சி.

ஆய்வேடு_பாதியில்
மார்ச் 5, இரவு 10.02

ஐயா, எனக்கு ஒரே அறைதான், வேறு அறை கிடையாது. அச்சுப்பொறியும் இல்லை. ஆய்வேடு இருநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. என்ன செய்வது?

மைக்கறை
மார்ச் 6, காலை 5.50

கோப்பை பிடிஎஃப் ஆக்கிக் கைப்பேசியில் படியுங்கள். பிடிஎஃபில் சட்டென்று எதையும் மாற்ற முடியாது, குறிப்பு மட்டும் வைக்கலாம். அதுதான் வேண்டியது. ஆனால் ஏ4 பக்கத்தை அப்படியே கைப்பேசியில் திறந்து பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளிப் படிக்காதீர்கள். பக்க அகலத்தை முதலிலேயே சிறிதாக வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, அப்புறம் பிடிஎஃப் ஆக்குங்கள். வரிக்கு நாலைந்து சொல் வந்தால் போதும்.

இருநூறு பக்கத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். அலுத்த கண் பிழையைப் பார்த்துக்கொண்டே தாண்டும்.

அரைப்புள்ளி
மார்ச் 6, மாலை 7.45

ஐயா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். என் கட்சியை முழுதாக விட மாட்டேன், ஆனால் ஒரு சோதனை வைக்கலாம். கீழே ஒரு பத்தி. வேண்டுமென்றே ஐந்து பிழைகள் வைத்திருக்கிறேன். அவரவர் வழியில் தேடுங்கள். எந்த வழியில் எது அகப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நூலகக் குழுவின் ஆண்டறிக்கை தயாராகிவிட்டது. உறுப்பினர்கள்
கேட்டுக்கொண்டபடி இந்த முறை வரவு செலவுக் கணக்கு
கணக்கு தனிப் பக்கத்தில் தரப்பட்டுள்ளது. படிப்பரைக்கு
வாங்கிய 12 மேசைகளும் 24 நாற்காலிகளும் அந்தப் பட்டியலில்
சேர்க்கப்பட்டிருக்கிறது. மேசைக்கு இரண்டு நாற்காலி என்ற
முறையில் 26 பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து படிக்கலாம்.
வாசகர்கள் பேசாமல் மெளனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஆந்தை
மார்ச் 6, இரவு 8.10

கைப்பேசியில் திறந்த மாத்திரத்திலேயே "கணக்கு கணக்கு" பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றது. நீங்கள் வரியை உடைத்து ஒளித்து வைத்ததெல்லாம் இங்கே செல்லவில்லை. சரி, இந்த ஒரு வகைக்கு வரிதான் காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் எழுத்துருவைக் கோணலாக்கிப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சல்தான் மிச்சம்.

ஆய்வேடு_பாதியில்
மார்ச் 6, இரவு 9.35

நான் வாய்விட்டுப் படித்தேன். "மேசைகளும் நாற்காலிகளும் சேர்க்கப்பட்டிருக்கிறது" என்னும்போது நாக்கே இடறியது. "சேர்க்கப்பட்டிருக்கின்றன" என்று வர வேண்டும். இரட்டைக் "கணக்கு" வாய்க்கும் அகப்பட்டது. வேறு எதுவும் தெரியவில்லை.

மைக்கறை
மார்ச் 7, காலை 6.15

அச்செடுத்து, வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து மறைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிப் பார்த்தேன். "படிப்பரை" தெரிந்தது, படிப்பறைதான் சரி. 12 மேசை, மேசைக்கு இரண்டு, ஆக 24. 26 எங்கிருந்து வந்தது? எண் வந்தால் பேனாவால் கட்டம் போட்டு, கடைசியில் கட்டங்களை மட்டும் தனியாகப் பார்ப்பது என் பழக்கம்.

ஆய்வேடு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாய்விட்டுப் படித்தவருக்குப் "படிப்பரை" ஏன் அகப்படவில்லை? நம்மில் பெரும்பாலானோர் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. ன, ண கூடப் பலருக்கு அப்படித்தான். அரை, அறை, பனி, பணி, இவற்றை வாயும் காதும் காட்டிக் கொடுக்காது, கண்தான் பார்க்க வேண்டும். சொல்திருத்தியும் கை கொடுக்காது, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். எழுவாய் பயனிலை முரணுக்கு நேர்மாறு. கண் மன்னித்து விட்டுவிடும், வாய் விடாது.

நாலு ஆயிற்று. ஐந்தாவது எங்கே? மூன்று முறை பார்த்தும் தெரியவில்லை.

அரைப்புள்ளி
மார்ச் 7, காலை 8.20

ஐந்தாவது அச்சில் தெரியாது ஐயா. அதற்காகத்தான் வைத்தேன். இன்று மாலை வரை பொறுக்கிறேன்.

பழையதட்டச்சு
மார்ச் 7, பகல் 1.40

மெளனம்!

பத்தியை என் கோப்பில் ஒட்டி "மௌனமாக" என்று தேடினேன், இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, தேடினால் இல்லை. மௌ என்பதற்குப் பதில் மெ அடித்து அதன் பக்கத்தில் ள அடித்திருக்கிறீர்கள். என் பழைய கோப்புகளில் இது புற்றீசல் மாதிரி கிடக்கிறது. தட்டச்சுப் பொறியில் ஔகாரத்துக்கு அப்படித்தான் அடித்துப் பழகினோம்.

அரைப்புள்ளி
மார்ச் 7, இரவு 9.00

அதேதான். நீங்கள் கேள்வியை வேறாக எடுத்துக்கொண்டதில் எல்லோருக்கும் லாபம்.

கணினிக்கு ௌ என்பது ஒரே குறி. அதன் வலப்பாதி பார்க்க ள போலவே இருக்கும், ஆனால் அது ள அல்ல. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். Latha போட்டுப் பார்த்தேன், Nirmala UI போட்டேன், Noto Serif Tamil போட்டேன். முன்கூட்டியே தெரிந்து உற்றுப் பார்த்தால் சந்தேகம் தட்டலாம், படித்துக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது. தாளுக்குப் போனால் இரண்டும் ஒரே மைதான். வாசகருக்கும் அதனால் நட்டம் இல்லை. தேடும்போதும், அகரவரிசையில் அடுக்கும்போதும், பொருளடைவு தயாரிக்கும்போதும்தான் கழுத்தைப் பிடிக்கும். "மௌனம்" என்ற சொல் அடைவில் இரண்டு இடத்தில் வரும்.

"அவா்கள்" கதையும் இந்த இனம்தான். அங்கே ர் வர வேண்டிய இடத்தில் துணைக்கால் மேல் புள்ளி வைத்திருக்கிறது. ர் என்பதற்குக் கீழே சாய்ந்த கால் வரையும் எழுத்துருவில் இந்தப் போலி கால் இல்லாமல் தனித்து நிற்கும், கண்டுபிடிக்கலாம். காலை வெட்டி வரையும் எழுத்துருவில் அசலும் போலியும் ஒன்றே. ஆக, எழுத்தின் வடிவம் ஒரு பொருட்டே இல்லை என்று நாலாம் தேதி சொன்னதற்கு விதிவிலக்கு கிடைத்துவிட்டது. ஆந்தை மகிழலாம்.

ஆந்தை
மார்ச் 7, இரவு 9.04

மகிழ்ந்தேன்.

பழையதட்டச்சு
மார்ச் 8, காலை 6.30

அப்படியானால் "ெள" என்பதைத் தேடி எல்லாவற்றையும் "ௌ" ஆக மாற்று என்று ஒரே அடியில் முடித்துவிடலாமா?

அரைப்புள்ளி
மார்ச் 8, காலை 6.52

வேண்டாம், நிறுத்துங்கள்! தெளிவு, வெள்ளம், வெளியே எல்லாவற்றிலும் உண்மையான ள இருக்கிறது. ஒரே அடியில் மாற்றினால் அத்தனையும் சிதைந்துவிடும். "ெள" என்று தேடி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போங்கள். ள-வின் மேல் புள்ளியோ கொக்கியோ வேறு குறியோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் அசல் ள. மொட்டையாக நிற்பவற்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

துணைக்கால் மேல் புள்ளி வைத்த "ா்", துணைக்காலோடு கொக்கி சேர்ந்த "ாி" இரண்டும் வேறு கதை. தமிழில் எந்தச் சொல்லிலும் அவை முறையாக வர வாய்ப்பில்லை. அவற்றை ர், ரி என்று ஒரே அடியில் மாற்றலாம். ஆனாலும் முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரி
மார்ச் 9, இரவு 11.30

நடுவில் வருகிறேன். இவ்வளவும் எதற்கு? திரையைவிடத் தாளில் பிழை நன்றாகத் தெரியும் என்பது ஆய்விலேயே நிரூபித்த விஷயம். அச்செடு, படி, முடிந்தது.

அரைப்புள்ளி
மார்ச் 10, காலை 7.40

அது 1980களின் திரைக்குச் சரி. ஐபிஎம்மில் ஜான் கோல்டு என்பவரும் அவர் குழுவினரும் அப்போதைய குழாய்த் திரையில் மெய்ப்பு பார்க்க வைத்துச் சோதித்தார்கள். தாளைவிட வேகம் குறைந்தது. காரணம் தேடிப் போனவர்கள் எழுத்தைக் கூர்மையாக்கி, வெளிர்ந்த பின்னணியில் கறுப்பெழுத்து வைத்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்றைய திரை அதைவிட எவ்வளவோ தெளிவு. தாளின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மைக்கறை ஐயா சொன்னதுபோல, அது மாற்றி எழுத விடாது.

மைக்கறை
மார்ச் 10, இரவு 8.45

தாளுக்கு இன்னொரு பலம், எங்கே விட்டோம் என்பது தெரியும். பார்த்த வரிக்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பேன். யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும் திரும்பி வந்து அதே வரியில் உட்காரலாம். திரையில் "இந்தப் பத்தியைப் பார்த்தோமே" என்று தோன்றும், பார்த்திருக்க மாட்டோம்.

தாளுக்குப் பலவீனமும் உண்டு, கத்தரி கவனிக்கவும். மெய்யெழுத்தின் புள்ளிதான் நம் எழுத்தில் இருப்பதிலேயே சின்னது. மை குறைந்த அச்சில் புள்ளி மங்கிப்போகும், உருளையில் அழுக்கு இருந்தால் இல்லாத புள்ளி விழும். க் என்று குறி போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தால் அங்கே க தான் இருக்கும். அதே தூசி அடுத்த பக்கத்திலும் அதே உயரத்தில் விழுந்திருக்கிறதா பாருங்கள், விழுந்திருந்தால் அது அச்சுப்பொறியின் கைவரிசை. ஒற்று பார்க்கும் சுற்றுக்கு எழுத்து 14 அளவில் இருக்கட்டும், வரி இடைவெளி ஒன்றரை. கூ, ழு மாதிரி கீழே இறங்கும் எழுத்தும் அடுத்த வரியின் கொக்கியும் அப்போதுதான் முட்டாது. குறி போடவும் இடம் கிடைக்கும்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். தாளில் போட்ட குறியைக் கோப்பில் ஏற்றும்போது புதுப் பிழை நுழையும். ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றியதும் தாளில் அந்தக் குறியை வேறு நிறத்தில் அடித்துவிடுங்கள். பிறகு திருத்திய சொல்லை மட்டும் பார்க்காமல், அந்த வாக்கியத்தை முதலிலிருந்து முற்றுப்புள்ளி வரை படியுங்கள். எங்கள் அச்சகத்தில் திருத்தம் ஏறிய வரிக்கு முன் வரியையும் பின் வரியையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஈயத்தில் கோத்த காலத்துப் பழக்கம், கணினி வந்த பிறகும் விடவில்லை.

ஆந்தை
மார்ச் 11, இரவு 10.20

வேறு அறை விஷயத்தில் விசைப்பலகை மட்டும்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. 1975இல் கோடன், பேட்லி என்ற இருவர் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. தண்ணீருக்குள் கற்ற சொற்கள் தண்ணீருக்குள்தான் நன்றாக நினைவுக்கு வந்தன, கரையில் கற்றவை கரையில். எழுதிய அறையில் உட்கார்ந்தால் எழுத நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து, எழுதாததையும் எழுதியதாகக் கண் பார்க்கும். அறை மாறினால் அது குறையும்.

அரைப்புள்ளி
மார்ச் 12, காலை 7.10

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் சோதித்தது சொற்பட்டியலை நினைவுகூர்வதை. தன் எழுத்தில் தானே பிழை தேடுவதை அல்ல. அங்கிருந்து இங்கே தாவுவது பெரிய தாவல்.

என் அனுபவத்தில், எழுத நினைத்தது மறக்க அறை போதாது, நாள் ஆக வேண்டும். காலையில் எழுதியதை மாலையில் எந்த அறையில் பார்த்தாலும் நினைத்ததுதான் தெரிகிறது. ஒரு வாரம் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாலும் எழுதியது தெரிகிறது. ஒரு வாரம் கிடைக்காதவர்களுக்கு அறை கொஞ்சமாவது உதவுமோ என்னவோ, அதை அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஆந்தை
மார்ச் 12, காலை 7.12

"என்னவோ" என்றதே எனக்குப் போதும்.

ஆய்வேடு_பாதியில்
மார்ச் 19, இரவு 11.50

ஒரு சுற்று முடித்தேன். குறுகிய பிடிஎஃபில் படித்தபோது, திருத்தித் திருத்திப் பாதியில் விட்ட வாக்கியங்கள்தான் அதிகம் கிடைத்தன, ஐயா சொன்னது போலவே. முதல் இயலில்தான் அதிகம். அதைத்தானே அதிகம் திருத்தினேன்.

ஆனால் வழிகாட்டி ஒரு பக்கத்தைத் திறந்ததும் முதலில் காட்டியது மூன்றாம் இயலின் தலைப்பு. "ஆய்வு முறையில்" என்று இருக்கிறது, "ஆய்வு முறையியல்" என்று இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய எழுத்தில் இருந்ததை எந்தச் சுற்றிலும் நான் பார்க்கவில்லை. எப்படி?

அரைப்புள்ளி
மார்ச் 20, காலை 8.00

தலைப்பு ஒரே வரி. எழுத்துருவை மாற்றினாலும் அது உடைவதில்லை, தாளுக்குப் போனாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. நாம் அதைப் படிப்பதும் இல்லை, "மூன்றாம் இயல் வந்துவிட்டது" என்று அடையாளம் கண்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம். படத்தின் கீழ்க்குறிப்பும் அப்படித்தான்.

உள்ளடக்கப் பட்டியலைத் தானாக உருவாக்கும் வசதி உங்கள் செயலியில் இருக்கும். தலைப்புகளை மட்டும் அப்படித் திரட்டி ஒரு தாளில் எடுத்து, கீழிருந்து மேலாகப் படியுங்கள். படங்களின் குறிப்புகளுக்கும் தனிப் பட்டியல் எடுக்கலாம்.

ஆய்வேடு_பாதியில்
மார்ச் 20, இரவு 10.15

எடுத்தேன். இன்னொரு தலைப்பும் மாட்டியது, அதைச் சொல்லப் போவதில்லை.

அட்டவணைகளுக்கு என்ன வழி? ஒவ்வொன்றிலும் எண்கள்தான். எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், எண்கள் எண்களாகவே இருக்கின்றன.

மைக்கறை
மார்ச் 21, காலை 6.00

அச்சகத்தில் அதற்கு இரண்டு பேர். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார், மற்றவர் மெய்ப்பில் பார்ப்பார். "இருபத்து நாலு" என்று படிக்க மாட்டோம், "இரண்டு, நாலு" என்று இலக்கம் இலக்கமாகப் படிப்போம். வரிசைப்படி ஒரு முறை, பத்திப்படி மேலிருந்து கீழாக ஒரு முறை.

ஆய்வேடு_பாதியில்
மார்ச் 21, காலை 9.25

இரண்டாவது ஆள் இல்லை ஐயா.

அரைப்புள்ளி
மார்ச் 21, இரவு 9.40

மூலத் தரவைப் பார்த்து இலக்கம் இலக்கமாக நீங்களே படித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அதை ஓடவிட்டு அட்டவணையில் பேனா வைத்துக்கொண்டே வாருங்கள். பதியும்போது தவறாகப் படித்தாலும் அட்டவணையோடு மோதும்போது தெரிந்துவிடும். மூலத் தரவிலேயே தவறு இருந்தால் இதில் தெரியாது. அதற்குக் கூட்டுத்தொகையையும் சதவீதத்தையும் மறுபடி போட்டுப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லலாம்.